குன்னூரில் எழுதும் குறிப்பு, சென்னையில் கொதிக்கும் தண்ணீர்

குன்னூர், கோத்தகிரி பக்கம் இருக்கும் சில சின்னத் தேயிலைத் தயாரிப்பாளர்களுக்கு இணைய விற்பனைக்கான குறிப்புகள் எழுதிக் கொடுப்பது என் வேலை. ஒரு படம், ஒரு விலை, அதற்குக் கீழே பத்து வரி. கடையில் என்றால் வாங்குகிறவர் பாக்கெட்டை முகர்ந்து பார்ப்பார், கொஞ்சம் உள்ளங்கையில் கொட்டிக் கேட்பார். இணையத்தில் அதெல்லாம் அந்தப் பத்து வரிக்குள் வந்தாக வேண்டும்.

திரும்பி வரும் புகார்களைப் படித்தால் பெரும்பாலும் இரண்டே ரகம். ஒன்று, "சாயமே இறங்கலை." இன்னொன்று, "வாயில வைக்க முடியலை, அவ்வளவு கசப்பு." இரண்டு புகாரும் சில சமயம் ஒரே டீயைப் பற்றி, ஒரே வாரத்தில் வரும். பாக்டரியில் போய்ச் சொன்னால் டீ மேக்கர் கோபப்படுவார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. டீயில் குறை இருப்பது குறைவு. எந்த டீ, எதற்கான டீ, எப்படிப் போடுவது என்பதைக் குறிப்பு சொல்லாமல் விட்டிருக்கும்.

கட்டபெட்டு பக்கத்தில், இலையைத் தூளாக்காமல் உருட்டித் தயாரிக்கும் சிறு ஆர்த்தடாக்ஸ் பாக்டரி ஒன்றின் குளிர்காலத் தேயிலையை எடுத்துக்கொண்டு, அதன் குறிப்பு எப்படி உருவாகிறது என்று சொல்கிறேன். ஒப்பிட்டுப் பார்க்க நம் வீடுகளில் பால் டீக்குப் போடும் டஸ்ட்டும் பக்கத்தில் இருக்கட்டும்.

பாக்டரியிலிருந்து எனக்கு முதலில் வருவது இப்படித்தான் இருக்கும்: "மலைச்சாரலில் விளைந்த, மணம் நிறைந்த, உலகத் தரமான தூய நீலகிரித் தேயிலை." இதை அப்படியே எந்தப் பாக்கெட்டில் ஒட்டினாலும் ஒட்டிக்கொள்ளும். அதனால் நான் அதை ஓரமாக வைத்துவிட்டு டீ மேக்கருக்குப் போன் போடுவேன்.

"அண்ணே, இந்த இன்வாய்ஸ் எப்ப ஓட்டினது?"

"ஜனவரி கடைசி வாரம் தம்பி."

"இலை எங்கேருந்து வந்தது?"

"நம்ம ஆளுங்க தோட்டம்தான், கட்டபெட்டு சுத்தி. நடுவுல ஒருநாள் கீழேருந்து ஒரு லோடு வந்துச்சு."

"அது இதுல கலந்திருக்கா?"

"இல்ல, அதை சி.டி.சி. பாக்டரிக்குத் தள்ளி விட்டுட்டோம்."

சி.டி.சி. என்பது இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டித் தூளாக்கும் முறை. தேயிலைத் தொழிலில் இன்வாய்ஸ் என்றால் பில் இல்லை. ஒரே சமயத்தில் தயாராகி, சலித்து, ஒரே கிரேடாகக் கட்டி வைத்த ஒரு தொகுதி. ஏலத்துக்குப் போகும் மூட்டைகளிலும் அந்த எண் இருக்கும். நான் எழுதும் ஒவ்வொரு குறிப்பும் ஒரு இன்வாய்ஸ் எண்ணோடு கட்டப்பட்டது. அந்த எண் தெரியாமல் ஒரு வரிகூட எழுதுவதில்லை, ஏனென்றால் இடம், பருவம், கிரேடு மூன்றும் அந்தத் தொகுதிக்குச் சொந்தமான விவரங்கள். பாக்டரியின் பெயருக்கோ பிராண்டுக்கோ சொந்தமானவை அல்ல.

முதலில் இடம். நீலகிரியில் தேயிலை பயிரிடுகிறவர்களில் பெரும்பாலோர் சிறு விவசாயிகள். அவர்கள் பறித்த பச்சை இலை ஏஜெண்ட் வண்டியில் ஏறி, இலை வாங்கித் தயாரிக்கும் பாக்டரிக்குப் போகும். ஒரு நாளில் ஒரு பாக்டரிக்குள் பல ஊர் இலை வந்து சேரும். அப்படித் தயாரான டீயை "எஸ்டேட் டீ" என்று எழுதுவது பொய். நான் வைத்திருக்கும் சோதனை எளிது: வாங்கினவர் ஊட்டிக்குச் சுற்றுலா வந்து "அந்தத் தோட்டத்தைக் காட்டுங்க" என்று கேட்டால் எங்கே கூட்டிப் போக முடியுமோ, அந்த அளவுக்குத்தான் இடத்தைச் சுருக்கி எழுதலாம். ஒரே தோட்டம் என்றால் தோட்டத்தின் பெயர். ஊர் சுற்றியுள்ள தோட்டங்கள் என்றால் ஊர்ப் பெயர். பல இடத்து இலை என்றால் நீலகிரி. அஸ்ஸாம் தூளோ வால்பாறைத் தூளோ கலந்த டஸ்ட் என்றால் "தென்னிந்திய, அஸ்ஸாம் தேயிலைக் கலவை" என்று வெளிப்படையாகவே எழுதிவிடுவது நல்லது. கலவை என்பது அசிங்கமான விஷயம் இல்லை. வருடம் முழுக்க ஒரே ருசி வேண்டும் என்றால் கலந்துதான் ஆக வேண்டும்.

கடல் மட்டத்திலிருந்து எவ்வளவு உயரம் என்றும் எழுதுகிறார்கள். அதில் ஒரு சிக்கல். பாக்டரி இருக்கும் உயரத்தைப் போட்டுவிடுவார்கள், இலை அங்கிருந்து முன்னூறு மீட்டர் கீழே விளைந்திருக்கும். எங்கள் குளிர்கால டீக்கு "கட்டபெட்டு சுற்றுவட்டாரம், ஏறக்குறைய 1,800 மீட்டர்" என்றுதான் எழுதினோம். ஒற்றை மீட்டர் வரைக்கும் துல்லியமாகப் போட்டிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும்.

புவிசார் குறியீடு பற்றியும் சொல்ல வேண்டும். நீலகிரி ஆர்த்தடாக்ஸ் தேயிலைக்குப் புவிசார் குறியீடு உண்டு, அதன் முத்திரை தேயிலை வாரியத்தின் கையில் இருக்கிறது. நீலகிரியில் விளைந்ததாலேயே எல்லா டீக்கும் அந்த முத்திரை வந்துவிடாது. வாரியத்தின் அனுமதி வேண்டும். சி.டி.சி. டஸ்ட் பாக்கெட்டில் அந்த முத்திரைப் படத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டிக் கொடுக்கச் சொன்ன ஒருவருக்கு முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்தது கிரேடு. இங்கேதான் வாங்குகிறவர்களுக்குக் குழப்பம் அதிகம், விற்கிறவர்களுக்குச் சபலமும் அதிகம். கிரேடு என்பது முதலில் சல்லடை சொல்லும் விஷயம். ஆர்த்தடாக்ஸ் முறையில் இலையை வாட்டி, உருட்டி, புளிக்க வைத்து, உலர்த்தியபின் சல்லடைகளில் விடுவார்கள். முழு இலையாகச் சுருண்டு நிற்பது ஓ.பி., உடைந்தது பி.ஓ.பி., அதற்கும் சிறியது ஃபேன்னிங்ஸ், கடைசியில் டஸ்ட். முன்னால் சேரும் எழுத்துகள் தளிர் மொட்டுகள், அதாவது டிப்பு, எவ்வளவு இருக்கிறது, இலை எவ்வளவு நேர்த்தியாக இருக்கிறது என்பதைச் சொல்ல வந்தவை. அந்த எழுத்துகளைக் கூட்டிக்கொண்டே போவதற்கு நடைமுறையில் பெரிய தடை எதுவும் இல்லை. அதனால் எஸ்.எப்.டி.ஜி.எப்.ஓ.பி. என்று நீளமாகப் போட்டு, உள்ளே ஒரு டிப்புகூட இல்லாத டீயும் விற்பனைக்கு வருகிறது. ஓ.பி.யை ஆரஞ்சு பீக்கோ என்று விரித்து எழுதினாலோ, "ஆரஞ்சுப் பழ வாசனை வருமா?" என்று கேள்வி வரும்.

நான் செய்வது இதுதான். கிரேடு எழுத்தைப் போட்டு, உடனே அதைக் கண்ணால் பார்க்கும் மொழியில் சொல்லிவிடுவேன்: "ஓ.பி. — நீளமாகச் சுருண்ட முழு இலை, அங்கங்கே வெளிறிய டிப்பு." படத்தில் தெரிவதும் வரியில் சொல்வதும் ஒத்துப்போனால் வாங்குகிறவருக்கு எழுத்தின் பொருள் தானாகப் புரிந்துவிடும். டிப்பு இருக்கிறது என்று எழுதுவதற்கு முன் ஒரு வெள்ளைத் தட்டில் கொஞ்சம் பரப்பிப் பார்ப்பேன். தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும் என்றால் அந்த வார்த்தை குறிப்பில் வராது.

டஸ்ட் என்றால் தரையில் கூட்டி அள்ளியது என்று நினைப்பவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். அந்த நினைப்பைப் போக்கவும் ஒரு வரி ஒதுக்க வேண்டியிருக்கிறது. குன்னூர் ஏலத்தில் சூப்பர் ரெட் டஸ்ட், சூப்பர் ஃபைன் டஸ்ட் என்று தனித்தனி கிரேடாகவே போகும் பொருள் அது. துகள் சிறியதாக இருப்பதால் தண்ணீர் படும் பரப்பு அதிகம், சாயம் சீக்கிரம் இறங்கும், பால் ஊற்றினாலும் நிற்கும். தமிழ்நாட்டு டீக்கடை ஓடுவதே அதை நம்பித்தான். எனவே டஸ்ட்டுக்கு நான் எழுதுவது: "சன்னமான துகள், சாயம் சீக்கிரம் இறங்கும், பால் டீக்கு." ஓ.பி.க்கு எழுதுவது: "மெல்லிய நிறம், மணம் முதன்மை, பால் இல்லாமல்." இந்தக் கடைசி மூன்று வார்த்தைகளைச் சேர்க்கச் சொன்னபோது தயாரிப்பாளர் தயங்கினார். பால் வேண்டாம் என்றால் யார் வாங்குவார்கள் என்பது அவர் பயம். சேர்த்த பிறகு "சாயமே இறங்கலை" என்ற புகார் வெகுவாகக் குறைந்தது. அந்த டீயைப் பாலில் போட்டுக் கொதிக்க வைத்தவர்கள்தான் அதுவரை அப்படி எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பருவம். டார்ஜிலிங் குறிப்புகளைப் பார்த்து "ஃபர்ஸ்ட் ஃப்ளஷ்" என்று இங்கேயும் எழுதும் பழக்கம் வந்திருக்கிறது. டார்ஜிலிங்கில் குளிர்காலம் முழுக்கச் செடி உறங்கும், அதன் பிறகு வரும் முதல் தளிருக்கு அந்தப் பெயர் பொருந்தும். நீலகிரியில் வருடம் முழுக்கப் பறிப்பு உண்டு. இலை குவியும் மாதங்களும் குறையும் மாதங்களும் இருக்கின்றன, அவ்வளவுதான். அதனால் ஃப்ளஷ் என்று எழுதுவதைவிட மாதத்தை எழுதுவது மேல். "பறித்தது: ஜனவரி 2025." இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

குளிர்கால டீக்கு "ஃப்ராஸ்ட் டீ" என்று ஒரு பெயர் சந்தையில் ஓடுகிறது. பெயர் பரவாயில்லை. அதை வைத்து எழுதும் கதைதான் பிரச்சினை. "உறைபனி படர்ந்த தளிரை அதிகாலையில் பறித்து" என்று படித்தால் தோட்டக்காரர் சிரிப்பார். உண்மையில் உறைபனி விழுந்த தளிர் கருகிப்போகும், தோட்டத்தின் அந்தப் பகுதியைக் கொஞ்ச நாளைக்குத் தொட முடியாது. டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை இரவில் நல்ல குளிரும் பகலில் வறண்ட வெயிலுமாக இருக்கும்போது, கருகாமல் தப்பிய செடி மெதுவாக வளரும். அந்த மெதுவான வளர்ச்சியில்தான் மணம் திரள்கிறது. எங்கள் குறிப்பில் "குளிர்காலப் பறிப்பு, இரவுக் குளிரில் மெதுவாக வளர்ந்த தளிர்" என்று மட்டும் போட்டோம்.

பறித்த மாதமும் பாக்கெட் போட்ட மாதமும் வேறு. பாக்கெட்டின் மேல் தயாரித்த அல்லது பொட்டலமிட்ட மாதம் அச்சிட வேண்டும் என்பது விதி. பழைய டீயைப் புதிதாகப் பாக்கெட் போட்டால் அச்சில் புதிய மாதம் வந்துவிடும். இன்னொன்று, இணையத்தில் விற்கும்போது மற்ற விவரங்களைப் பக்கத்தில் காட்டச் சொல்லும் 2011-ம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகள், பாக்கெட்டில் அச்சிடும் அந்த மாதத்தையும் வருடத்தையும் மட்டும் பக்கத்தில் காட்டுவதிலிருந்து விலக்கு கொடுத்திருக்கின்றன. அதாவது பறித்த மாதத்தை எழுத வேண்டும் என்று யாரும் நம்மைக் கட்டாயப்படுத்தவில்லை. அதனாலேயே அதை எழுதும் கடையை நான் நம்புவேன். குளிர்கால ஓ.பி.யின் மணம் ஒரு வருடத்துக்குப் பின் மங்கத் தொடங்குவது மூக்குக்கே தெரியும். வாங்குகிறவருக்கு அந்தக் கணக்கைப் போட ஒரு வழி வேண்டாமா?

எடையில் எழுத வேண்டியது சுருக்கம்தான். நிகர எடை, அதாவது பையும் டப்பாவும் நீங்கலாகத் தேயிலை மட்டும். `100 g` என்றுதான் எழுத வேண்டும். `gm`, `gms`, `Gr` எல்லாம் சட்டப்படியான குறியீடு இல்லை. இணையப் பக்கத்தில் இதற்காக அபராதம் கட்டினவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன். ஒரு கிராம் விலையும் காட்ட வேண்டும். ஒரு கிலோவுக்குக் குறைவான பாக்கெட் என்றால் கிராமுக்கு, அதற்கு மேல் என்றால் கிலோவுக்கு. எங்கள் 100 கிராம் பாக்கெட் 350 ரூபாய் என்றால் கிராமுக்கு ரூ. 3.50 என்று அருகிலேயே வரும். முதலில் தயாரிப்பாளர்களுக்கு இது பிடிக்கவில்லை, பக்கத்தில் இருக்கும் டஸ்ட் கிராமுக்கு நாற்பது காசு என்று தெரிந்துவிடுமே என்று. தெரியட்டும். இரண்டும் வேறு பொருள் என்று கிரேடு வரி ஏற்கெனவே சொல்லிவிட்டது.

சட்டம் கேட்காத ஒன்றை நான் எடையோடு சேர்ப்பேன்: எத்தனை கப் வரும் என்பது. 350 ரூபாய் என்றால் பயப்படுகிறவர், 40 கப் என்றதும் கணக்குப் போடுவார். ஆனால் அந்த எண் காய்ச்சும் முறையோடு ஒத்துப்போக வேண்டும். ஒரு கப்புக்கு இரண்டரை கிராம் என்று கீழே எழுதிவிட்டு, மேலே "100 கிராமில் 80 கப்" என்று போட்டிருக்கும் பக்கங்களை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே போல, 100 கிராம் ஓ.பி. அடைக்கும் இடம் 100 கிராம் டஸ்ட் அடைப்பதைப் போல இரண்டு மடங்குக்குக் கிட்ட வரும். டஸ்ட் பாக்கெட் சின்னதாக இருப்பதைப் பார்த்து "எடை குறைவு" என்று எழுதுவார்கள். "சன்னத் தூள் என்பதால் பாக்கெட் சிறிதாகத் தெரியும்" என்று ஒரு வரி போதும்.

இனிக் காய்ச்சும் முறை. இந்தக் குறிப்பில் அதிக நேரம் எடுப்பதும் வாங்குகிறவர் அதிகம் படிப்பதும் இதைத்தான்.

பாக்டரியில் முறை கேட்டால் அவர்கள் ருசி பார்க்கும் முறையைச் சொல்வார்கள். ருசி பார்ப்பதற்கென்று உலகத் தர முறையே இருக்கிறது, ஐ.எஸ்.ஓ. 3103. நூறு மில்லிக்கு 2 கிராம், கொதிக்கும் தண்ணீர், 6 நிமிடம். டீயின் குறைகளையெல்லாம் வெளியே இழுத்துக் காட்டுவதற்காக வகுத்த முறை அது. டேஸ்டர் அதை உறிஞ்சித் துப்பிவிடுவார். அதையே வீட்டில் போட்டு முழு டம்ளர் குடித்தால் நாக்கு இழுத்துக்கொள்ளும். "வாயில வைக்க முடியலை" புகார்களில் ஒரு பங்கு இந்த 6 நிமிடத்திலிருந்து பிறந்தது.

இன்னொரு பங்கு தண்ணீரின் சூட்டிலிருந்து வருகிறது. குன்னூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,850 மீட்டர் உயரம். காற்றழுத்தம் குறைவதால் முன்னூறு மீட்டர் ஏறினால் தண்ணீரின் கொதிநிலை சுமார் ஒரு டிகிரி இறங்கும். எங்கள் அடுப்பில் தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அது 94 டிகிரிதான். சென்னையில் அதே தளதளப்பு 100 டிகிரி. "கொதிக்கும் தண்ணீரை ஊற்றி 4 நிமிடம்" என்று இங்கே போட்டுப் பார்த்து எழுதினால், மயிலாப்பூரில் அதே வரிப்படி போடுகிறவருக்கு ஆறு டிகிரி அதிகச் சூட்டில் டீ இறங்கும். குளிர்கால ஓ.பி. போன்ற மென்மையான டீயில் அந்த ஆறு டிகிரி நன்றாகவே தெரியும், துவர்ப்பு முன்னால் வந்து மணம் பின்னால் போய்விடும்.

அதனால் காய்ச்சும் முறையை நான் மலையில் முடிவு செய்வதில்லை. சாம்பிள் ஒன்று கோயம்புத்தூரில் இருக்கும் அக்கா வீட்டுக்கும் இன்னொன்று சென்னையில் இருக்கும் நண்பருக்கும் போகும். அவர்களிடம் நான் கேட்பது "எப்படி இருக்கு?" என்று அல்ல. அப்படிக் கேட்டால் "சூப்பர்" என்று பதில் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. இரண்டு நிமிடத்தில் ஒன்று, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று போட்டு எதை முழுசாகக் குடித்தீர்கள் என்று கேட்பேன். குளிர்கால டீயில் அக்காவும் நண்பரும் மூன்று நிமிடக் கப்பைத்தான் காலி செய்திருந்தார்கள், அதுவும் அடுப்பை அணைத்துக் கொஞ்சம் ஆறவிட்டு ஊற்றியதை. மலையில் எனக்கு நான்கு நிமிடம் பிடித்திருந்தது. குறிப்பில் போனது மூன்று.

சென்னையிலிருந்து இன்னொரு செய்தியும் வந்தது. டீயின் மேல் எண்ணெய் போல மெல்லிய படலம், நிறம் கலங்கல். நீலகிரி டீ பொதுவாகத் தெளிவானது, ஐஸ் போட்டால்கூட அவ்வளவு கலங்காது என்பதால்தான் ஐஸ் டீக்கு அதை விரும்புகிறார்கள். அப்படியானால் இந்தக் கலங்கல் எங்கிருந்து வந்தது? போர் தண்ணீர். தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து தேயிலைச் சாறோடு சேர்ந்து படலமாகிறது. கண்டுபிடிக்க எளிய வழி, கேன் தண்ணீரில் ஒரு கப் போட்டுப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. படலம் அதில் இல்லை என்றால் டீயின் மேல் குற்றமில்லை. சில துளி எலுமிச்சை விட்டாலும் படலம் மறையும், நிறமும் வெளிறும். குறிப்பில் இத்தனையும் எழுத இடமில்லை. "உப்புத் தண்ணீரைத் தவிர்க்கவும். மேலே படலம் தெரிந்தால் அது தண்ணீரின் கடினத்தால்" என்று ஒரு வரி.

அளவுக்கு வருவோம். "ஒரு ஸ்பூன்" என்று மட்டும் எழுதினால் எதுவும் எழுதாததற்குச் சமம். என் தராசில் தலைதட்டிய ஒரு டீஸ்பூன் சன்ன டஸ்ட் இரண்டு கிராமுக்குச் சற்று மேல் நிற்கும். அதே ஸ்பூனில் ஓ.பி. ஒரு கிராம் வந்தால் பெரிது, நீள இலை ஒன்றன்மேல் ஒன்று குறுக்கே படுத்து நடுவே காற்றை அடைத்துக்கொள்ளும். டஸ்ட்டுக்குப் பழகின கை ஓ.பி.யிலும் ஒரு ஸ்பூன்தான் போடும். சாயம் எப்படி இறங்கும்? ஆகவே கிராமையும் ஸ்பூனையும் சேர்த்தே எழுதுவது வழக்கமாகிவிட்டது: "2.5 கிராம், அதாவது குவித்த டீஸ்பூன் இரண்டு." ஒவ்வொரு இன்வாய்ஸுக்கும் ஸ்பூனை மறுபடி நிறுத்துப் பார்க்க வேண்டும், இலை எவ்வளவு இறுக்கமாகச் சுருண்டிருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும்.

டஸ்ட்டுக்கு முறை வேறு. இரண்டு பேருக்கு 200 மில்லி தண்ணீர், 100 மில்லி பால், 5 கிராம் தூள். தண்ணீர் கொதித்ததும் தூளைப் போட்டு, தீயைக் குறைத்து ஒன்றரை நிமிடம், பிறகு பால் ஊற்றி ஒரு கொதி. இதில் மறந்துவிடும் விஷயம் வடிகட்டி. வீட்டில் இருக்கும் அகலக் கண் எவர்சில்வர் வடிகட்டியில் சூப்பர் ஃபைன் டஸ்ட் அப்படியே இறங்கிவிடும், அடியில் மண்டி நிற்கும், "தூள் கலப்படம்" என்று புகார் வரும். "சன்னக் கண் வடிகட்டி அல்லது துணி வடிகட்டி" என்று எழுதாமல் டஸ்ட் குறிப்பை நான் அனுப்புவதில்லை.

படத்துக்கும் இதே கட்டுப்பாடு உண்டு. கப்பில் இருக்கும் டீ, குறிப்பில் எழுதிய அளவில், எழுதிய நிமிடத்தில் போட்டதாக இருக்க வேண்டும். படம் எடுப்பவர் நிறம் அழகாக வரட்டும் என்று பத்து நிமிடம் ஊறவிட்டுவிடுவார். செக்கச்செவேலென்று படத்தில் பார்த்துவிட்டு வீட்டில் வெளிர்ப் பொன்னிறமாக வந்தால் யாருக்கும் ஏமாற்றம்தான். வெள்ளைக் கப், ஜன்னல் வெளிச்சம், பக்கத்தில் ஒரு டைமர். வேறு அலங்காரம் வேண்டாம்.

இதெல்லாம் சேர்ந்து கடைசியில் பக்கத்தில் ஏறியது இவ்வளவுதான்:

> கட்டபெட்டு குளிர்காலத் தேயிலை, ஓ.பி.
> நீளமாகச் சுருண்ட முழு இலை, அங்கங்கே டிப்பு. வெளிர்ப் பொன்னிறச் சாயம், பூ மணம், லேசான துவர்ப்பு. பால் இல்லாமல் குடிக்க.
> இடம்: கட்டபெட்டு சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளின் தோட்டங்கள், நீலகிரி. ஏறக்குறைய 1,800 மீட்டர்.
> பறித்தது: ஜனவரி 2025. பாக்கெட் போட்டது: மார்ச் 2025. மணம் நன்றாக இருக்கும் காலம்: பறித்ததிலிருந்து 12 மாதம்.
> நிகர எடை: 100 g (சுமார் 40 கப்). விலை: ரூ. 350, கிராமுக்கு ரூ. 3.50.
> போடும் முறை: 200 மில்லி தண்ணீரைக் கொதிக்க வைத்து அடுப்பை அணைத்து ஒரு நிமிடம் விடவும். 2.5 கிராம் இலை (குவித்த டீஸ்பூன் இரண்டு) போட்டு மூடி, 3 நிமிடத்தில் வடிக்கவும். நீங்கள் இருப்பது ஊட்டி, குன்னூர், கொடைக்கானல் என்றால் ஆறவிட வேண்டாம், 4 நிமிடம். அதே இலையை இன்னொரு முறை 5 நிமிடம் போடலாம்.
> உப்புத் தண்ணீரைத் தவிர்க்கவும். மேலே படலம் தெரிந்தால் அது தண்ணீரின் கடினத்தால்.

இதில் "பூ மணம்" என்ற சொல்லுக்கு மட்டும் கொஞ்சம் வாக்குவாதம் நடந்தது. டீ மேக்கர் மல்லிகை என்றார், தயாரிப்பாளர் ஆர்க்கிட் என்று எழுதச் சொன்னார். ஆர்க்கிட் பூவை முகர்ந்து பார்த்தவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்? மல்லிகை என்று எழுதினால் மல்லிகைப் பூ சேர்த்த டீ என்று நினைத்துவிடுவார்கள். வாசனை எதுவும் சேர்க்காத டீயில் ஒரு பூவின் பெயரைத் தனியாகச் சொன்னால் இந்தச் சந்தேகம் வந்தே தீரும். பொதுவாகப் பூ மணம் என்று விட்டோம்.

ஜூனில் அந்த இன்வாய்ஸ் தீர்ந்தது. தயாரிப்பாளர் மே மாதம் ஓட்டிய ஓ.பி.யை அதே பக்கத்தில் ஏற்றிவிடலாம் என்றார், விமர்சன நட்சத்திரங்கள் வீணாகப் போகக் கூடாது என்பதற்காக. நட்சத்திரங்கள் ஜனவரி டீக்கு விழுந்தவை. மே மாத இலை கொஞ்சம் திடமாக, நிறம் கூடுதலாக இருந்தது, ஸ்பூனில் எடையும் அதிகம் நின்றது. குளிர்கால டீயின் பக்கத்தில் "தீர்ந்துவிட்டது, அடுத்த பறிப்பு ஜனவரியில்" என்று போட்டுவிட்டு, மே மாத டீக்குத் தனிப் பக்கம் திறந்தோம். அதற்கு எழுதிய முறையில் ஆறவிடும் ஒரு நிமிடம் இல்லை, ஸ்பூனும் ஒன்றரை ஆனது. கடைசி வரியில் "விரும்பினால் கொஞ்சம் பால் சேர்க்கலாம்" என்பதும் வந்தது.